நேற்று வேலைக்குப் போனேன்: ஸ்பானிஷ் கற்பவரின் நாட்குறிப்பில் இறந்தகாலம்

ஸ்பானிஷ் மொழி வகுப்புகளில் சில மாதங்களைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரியான வீட்டுப்பாடம் தரப்படும்: 'நேற்று வேலைநாளில் என்னென்ன செய்தீர்கள் என்று நாட்குறிப்பாக எழுதுங்கள்.' எழுந்தேன், குளித்தேன், போனேன், வேலை செய்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன் என்று அன்றாட வினைகள் வரிசையாக வந்துவிடும். நிகழ்காலத்தில் ஏற்கனவே படித்த வினைகளை இறந்தகாலத்துக்கு மாற்றிப் பழகவே இந்தப் பாடம். ஸ்பானிஷ் பயிற்றுவதற்கான பாடநிலைகளை வகுத்த செர்வாந்தெஸ் நிறுவனத்தின் திட்டத்திலும் முதல் படியான ஏ1 நிலையில் இறந்தகாலம் கிடையாது. இரண்டாவது படியான ஏ2-இல்தான் அது வருகிறது.

திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையில் பிழைகளைச் சுழித்து, சரியான வடிவத்தை மேலே எழுதித் திருப்பித் தருவார். அந்தப் பிழைகளை ஒன்றாக எண்ணிக் கூட்டக் கூடாது, வகை பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரே பக்கத்தில் உள்ள ஐந்து பிழைகளுக்கு ஐந்து வேறு காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றில் சில, கற்பவர் முன்னேறிவிட்டார் என்பதற்கே சான்றாகும்.

ஒரு மாதிரிப் பக்கம்

இந்நிலையில் இருப்பவர்கள் எழுதும் பாணியில், கட்டுரைக்காக அமைத்த பக்கம் இது. எழுதுபவர் மாட்ரிட் நகரில் வேலைக்குச் சேர்ந்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அலுவலக ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். ஓரசைக்கு மேற்பட்ட ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் விழும் அசையைத் தமிழில் நெடிலாகக் காட்டியிருக்கிறேன்.

1. அயேர் மெ லெவன்தே அ லாஸ் ஸியேதெ. (நேற்று ஏழு மணிக்கு எழுந்தேன்.)
2. மெ துச்சே இ தெஸயுனே. (குளித்தேன், காலை உணவு சாப்பிட்டேன்.)
3. ஃபுயி அ லா ஒஃபிஸீன என் மேத்ரொ. (மெட்ரோவில் அலுவலகம் போனேன்.)
4. யெகே தார்தெ. (தாமதமாக வந்து சேர்ந்தேன்.)
5. எல் ஹேஃபெ எஸ்தூபொ என்ஃபதாதொ. (மேலாளர் கோபமாக இருந்தார்.)
6. த்ரபாஹொ தோத லா மன்யான. (காலை முழுதும் வேலை செய்கிறேன்.)
7. கொமீ அ லாஸ் தோஸ் கொன் ஊன கொம்பன்யேர. (இரண்டு மணிக்கு, உடன் வேலைபார்க்கும் பெண்ணோடு சாப்பிட்டேன்.)
8. பொனீ லோஸ் பபேலெஸ் என் லா மேஸ. (காகிதங்களை மேசையில் வைத்தேன்.)
9. குவாந்தொ ஸலீ, யொபியோ. (நான் வெளியே வந்தபோது மழை பெய்தது.)
10. மெ அகுவெஸ்தே அ லாஸ் ஓன்ஸெ. (பதினொரு மணிக்குப் படுத்தேன்.)

பன்னிரண்டு வினைகளில் ஏழு சரி. ஆறாம், எட்டாம், பத்தாம் வரிகளின் பிழை வெளிப்படையானது. ஐந்தாம், ஒன்பதாம் வரிகளில் இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் எழுதியவர் சொல்ல நினைத்ததை அவை சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஸ்பானிஷ் இறந்தகாலம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு இறந்தகாலங்கள்

ஸ்பானிஷில் 'எழுந்தேன்' என்பதற்கு ஒற்றைச் சொல்லால் ஆன இரு வடிவங்கள் உண்டு. 'மெ லெவன்தே' என்றால் எழுதல் என்ற செயல் ஒரு முழுமையாக, முடிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. 'மெ லெவந்தாப' என்பதற்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து 'எழுந்துகொண்டிருந்தேன்' என்றோ, 'அப்போதெல்லாம் எழுவேன்' என்றோ பொருள். முன்னதை முற்று இறந்தகாலம் என்றும், பின்னதைத் தொடர் இறந்தகாலம் என்றும் இங்கே அழைப்போம்.

வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த அறிஞர் ஆந்த்ரேஸ் பெய்யொ 1847-இல் வெளியிட்ட இலக்கண நூலில் இரண்டாவது வடிவத்துக்கு 'கொப்ரெத்தேரிதொ' என்று பெயரிட்டார். 'உடன்நிகழ் இறந்தகாலம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். இன்னொரு இறந்தகால நிகழ்ச்சி நடந்த வேளையில் உடன் இருந்துகொண்டிருந்தது என்பது அதன் உட்பொருள். மெக்சிகோவின் பள்ளி இலக்கணத்தில் இந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. தொடர் இறந்தகாலம் தனியே நிற்பதில்லை, வேறொரு நிகழ்ச்சியின் மேல் சாய்ந்தே நிற்கிறது என்பதை இப்பெயர் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

இப்போது ஒன்பதாம் வரியைப் பாருங்கள். எழுதியவர் அலுவலகக் கதவைத் திறந்து வெளியே வந்தார், ஏற்கனவே மழை பெய்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல 'குவாந்தொ ஸலீ, யொபீய' என்று எழுத வேண்டும். 'யொபியோ' என்று முற்றில் எழுதியதால், ஸ்பானியர் காதில் 'நான் வெளியே வந்தேன், உடனே மழை பெய்தது' என்று விழுகிறது. இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்பட்டுவிட்டன. ஐந்தாம் வரியும் அப்படித்தான். 'எஸ்தூபொ' என்றால் மேலாளர் சிறிது நேரம் கோபமாக இருந்து, பின் அது முடிந்தது. தாமதமாக வந்து சேர்ந்த கணத்தில் அவர் கோபமாக இருந்தார் என்று சொல்ல வேண்டுமானால் 'எஸ்தாப' என்றே எழுத வேண்டும்.

தமிழரும் இந்த இடத்தில் தடுக்கி விழக்கூடும். 'மழை பெய்தது', 'பெய்துகொண்டிருந்தது' என்று நாம் பிரித்துச் சொல்ல முடிந்தாலும், முதல் வடிவத்தாலேயே இரண்டையும் குறித்துவிடுகிறோம். 'கோபமாக இருந்தார்' என்ற ஒரே தொடர் எஸ்தூபொ, எஸ்தாப இரண்டுக்கும் ஈடாகிறது. ஆனால் வழக்கமாகச் செய்ததைச் சொல்வதில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'அந்த நாட்களில் ஏழு மணிக்கு எழுவேன்' என்ற வாக்கியத்தில் எதிர்கால வடிவத்தைக்கொண்டு கடந்தகால வழக்கத்தைக் குறிக்கிறோம். ஒருமுறை எழுந்ததும் வழக்கமாக எழுந்ததும் வேறுவேறு வடிவம் பெறும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அல்ல.

எந்த வினையில் முதலில் இறந்தகாலம் ஏறுகிறது

தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் 1957-இல் ஆங்கில வினைகளை அவற்றின் உள்நேர அமைப்பைக்கொண்டு நான்காகப் பிரித்தார். 'வந்து சேர்', 'புறப்படு' போன்றவை கணத்தில் முடிபவை. 'கடிதம் எழுது' போன்றவை நேரம் பிடித்து ஓர் இலக்கில் முடிபவை. 'வேலை செய்', 'நட' போன்றவை இலக்கின்றித் தொடரக்கூடியவை. 'இரு', 'தெரியும்' போன்றவை நிலைகள்.

அமெரிக்க மொழியியலாளர் ரோஜர் ஆண்டர்சன், புவெர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானிஷைக் கற்றுக்கொண்ட, ஆங்கிலம் பேசும் இரு சிறுவர்களின் பேச்சை ஆராய்ந்தபோது இந்தப் பிரிவு கைகொடுத்தது. முற்று இறந்தகாலம் எல்லா வினைகளிலும் ஒரே சமயத்தில் வந்துவிடவில்லை. கணத்தில் முடியும் வினைகளில் முதலில் தோன்றி, பின் இலக்குடைய வினைகளுக்கும் தொடர் வினைகளுக்கும் பரவி, நிலை வினைகளைக் கடைசியாக எட்டியது. தொடர் இறந்தகாலம் சற்றுத் தாமதமாக, நிலை வினைகளில் தொடங்கி எதிர்த்திசையில் நகர்ந்தது. 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து 'வினைநோக்குக் கருதுகோள்' என்ற கொள்கை உருவானது. கற்பவர் காலத்தைக் குறிக்க விகுதி சேர்ப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் தொடக்கத்தில் அவர் வினையின் இயல்பை, அதாவது அது முடிந்ததா என்பதையே குறிக்கிறார் என்பது இதன் சாரம்.

நம் பக்கத்தில் சரியாக அமைந்த ஏழும் எழுதல், குளித்தல், காலை உணவு கொள்ளல், போதல், வந்து சேர்தல், சாப்பிடுதல், வெளியேறல். ஏழும் தெளிவான முடிவு கொண்டவை. நிகழ்காலத்திலேயே நின்றுவிட்டது 'த்ரபாஹொ'. வேலை செய்தல் என்பது இலக்கற்ற தொடர் வினை. ஆண்டர்சன் சொன்ன வரிசை இந்த வரியில் அப்படியே தெரிகிறது.

ஆனால் 'எஸ்தூபொ', 'யொபியோ' இரண்டும் அந்த வரிசைக்குள் அடங்கவில்லை. நிலை வினைக்கும் தொடர் வினைக்கும் முற்று வடிவம் அதற்குள் வந்துவிட்டது. இந்த இடத்தில் ரஃபாயெல் ஸலபெரி முன்வைத்த மாற்றுக் கருத்து உதவுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்புகளில் ஸ்பானிஷ் படித்த பெரியவர்களை ஆராய்ந்த அவர், தொடக்கநிலையில் இருப்பவர்கள் வினையின் இயல்பைப் பார்க்காமல் முற்று வடிவத்தையே பொதுவான இறந்தகாலக் குறியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 1990-களின் இறுதியில் வாதிட்டார். ஆங்கிலத்தில் ஒரே ஓர் எளிய இறந்தகால வடிவம் இருப்பதும், வகுப்பில் முற்று வடிவத்தை முதலில் சொல்லிக் கொடுத்துப் பயிற்சி தருவதும் இதற்குக் காரணமாகலாம்.

இரு கொள்கைகளும் ஒன்றையொன்று முறியடிப்பதாகக் கொள்ளத் தேவையில்லை. தெருவிலும் விளையாட்டிலும் மொழியைப் பெற்ற சிறுவரின் பாதை வேறு, அட்டவணையில் தொடங்கிய பெரியவரின் பாதை வேறு. மாட்ரிட்டில் வகுப்புக்கும் போய், அலுவலகத்திலும் ஸ்பானிஷ் கேட்கும் நம் ஊழியரின் பக்கத்தில் இரண்டின் தடமும் இருக்கிறது.

'காலை முழுதும்' என்ற பொறி

ஆறாம் வரியைத் திருத்தும்போது ஒரு தவறான விதி எளிதில் நுழைந்துவிடும். 'நீண்ட நேரம் நடந்ததற்குத் தொடர் வடிவம், சட்டென்று நடந்ததற்கு முற்று வடிவம்' என்று பல கையேடுகள் சுருக்கிச் சொல்கின்றன. அதை நம்பினால் காலை முழுதும் நடந்த வேலைக்குத் தொடர் வடிவம் போட வேண்டும். ஆனால் சரியான வாக்கியம் 'த்ரபஹே தோத லா மன்யான' என்பதே, அதாவது முற்று வடிவம்.

'காலை முழுதும்' என்ற சொல்லே செயலுக்குத் தொடக்கமும் முடிவும் கட்டிவிட்டது. எல்லை கட்டப்பட்ட பிறகு, உள்ளே எவ்வளவு நேரம் சென்றது என்பது பொருட்டல்ல. ஒருவர் மாட்ரிட்டில் பத்து ஆண்டுகள் வாழ்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லும்போதும் முற்று வடிவமே வரும். தேர்வைத் தீர்மானிப்பது நேரத்தின் நீளம் அல்ல. சொல்பவர் அந்த நிகழ்ச்சியை வெளியே நின்று முழுதாகக் காட்டுகிறாரா, உள்ளே நின்று நடந்துகொண்டிருப்பதாகக் காட்டுகிறாரா என்பதே.

ஆறாம் வரி வெறும் எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். 'த்ரபாஹொ' என்றால் 'வேலை செய்கிறேன்'. 'த்ரபஹோ' என்றால் 'அவர் வேலை செய்தார்'. இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. கடைசி எழுத்தின் மேல் இடும் சிறு கோடுதான் காலத்தையும் ஆளையும் மாற்றுகிறது. எழுதியவரையே உரக்கப் படிக்கச் சொன்னால் காரணம் தெரிந்துவிடும். கடைசி அசையில் அழுத்தம் கொடுத்தால் அவர் இறந்தகாலத்தைத்தான் நினைத்தார், ஆனால் ஆளைக் குழப்பியதோடு கோட்டையும் விட்டுவிட்டார். நடு அசையில் அழுத்தம் கொடுத்தால் நிகழ்காலம் இன்னும் விலகவில்லை.

நிகழ்காலம் விலகாததற்கு முதல் வரியில் வந்த 'அயேர்' (நேற்று) காரணமாகலாம். பில் வான்பேட்டன் 1990-களில் வளர்த்த கொள்கைப்படி, கற்பவர்கள் கேட்கும்போதும் படிக்கும்போதும் பொருளைத்தான் முதலில் தேடுகிறார்கள். 'நேற்று' என்ற முழுச்சொல் காலத்தைச் சொல்லிவிட்டால், வினையின் கடைசியில் ஒட்டிய விகுதி அவர்களுக்கு மிகையாகிவிடுகிறது. கேட்கையில் கவனிக்காத விகுதி, எழுதும்போது கைக்கு வருவதில்லை. 'நேற்று' என்ற சொல் இல்லாமல் வாக்கியங்களைக் கொடுத்து, நடந்ததா நடக்கிறதா என்று விகுதியைக்கொண்டே சொல்ல வைக்கும் பயிற்சிகள் இதிலிருந்துதான் வந்தன.

முன்னேற்றத்தின் பிழைகள்

எட்டாம் வரியின் 'பொனீ' என்ற சொல் ஸ்பானிஷில் இல்லை. சரியான வடிவம் 'பூஸெ'. 'கொமேர்' (சாப்பிடு) என்பது 'கொமீ' ஆகும் விதிப்படி, 'பொனேர்' (வை) என்பதை 'பொனீ' ஆக்கியிருக்கிறார். விதியைச் சரியாகவே பயன்படுத்தினார், இந்த வினை அந்த விதிக்குக் கட்டுப்படாது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் ஒரு பருவத்தில் இப்படியேதான் சொல்கிறார்கள்.

அதே பக்கத்தில் 'ஃபுயி', 'எஸ்தூபொ' என்ற ஒழுங்கற்ற வடிவங்கள் பிழையின்றி வந்திருக்கின்றன. அவை அடிக்கடி காதில் விழுபவை என்பதால் முழுச்சொல்லாகவே மனத்தில் பதிந்துவிட்டன. அரிதாகக் கேட்கும் 'பூஸெ' அப்படிப் பதியவில்லை, அந்த இடத்தை விதி நிரப்பியது. 'பொனீ' என்று எழுதுபவர், வெறும் மனப்பாடத்தைத் தாண்டி விதியைக் கைக்கொண்டுவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

பத்தாம் வரி இன்னும் சுவையானது. 'படுத்துக்கொள்' என்ற வினையின் நிகழ்காலம் 'மெ அகுவேஸ்தொ'. இறந்தகாலம் 'மெ அகொஸ்தே'. எழுதியவர் நிகழ்கால அடியை வைத்துக்கொண்டு இறந்தகால விகுதியைச் சேர்த்து 'அகுவெஸ்தே' ஆக்கிவிட்டார். இந்த அடிமாற்றத்தின் காரணம் ஒலி வரலாற்றில் இருக்கிறது. இலத்தீனின் குறில் 'ஒ' அழுத்தம் பெற்ற அசையில் இருந்தால் ஸ்பானிஷில் 'உவெ' என உடைந்தது, அழுத்தம் இல்லாத இடத்தில் 'ஒ' ஆகவே நின்றது. நிகழ்காலத்தில் 'படுக்கிறேன்' என்னும்போது அழுத்தம் அடியின் மேல் விழுகிறது, அதனால் 'குவேஸ்'. இறந்தகாலத்தில் அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடுகிறது, அதனால் 'கொஸ்'.

அழுத்தம் எங்கே என்று காதுக்குத் தெரிந்துவிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் விலகும். 'வொல்பேர்' (திரும்பு), 'அல்மொர்ஸார்' (மதிய உணவு கொள்), 'எம்பெஸார்' (தொடங்கு) என அன்றாட நாட்குறிப்பில் வரும் பல வினைகள் இதே வகைதான். அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் 'பெதீர்' (கேள்), 'தொர்மீர்' (தூங்கு) போன்ற 'ஈர்' முடிவு வினைகளில் இறந்தகாலப் படர்க்கையிலும் ஒரு சிறு உயிர்மாற்றம் உண்டு. அதைத் தனியே கற்கத்தான் வேண்டும்.

'நேற்று' என்பதற்குப் பதில் 'இன்று' என்றால்

இந்தப் பாடத்தில் ஊரையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். நாட்குறிப்பை அன்றிரவே எழுதினால் முதற்சொல் 'ஓய்' (இன்று) ஆகும். மாட்ரிட்காரர் ஒருவர் அப்போது 'மெ லெவன்தே' என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். துணைவினை சேர்த்து 'மெ எ லெவந்தாதொ' என்பார். இன்று என்ற கால எல்லைக்குள் நடந்ததற்கு அங்கே கூட்டு வடிவம்தான் இயல்பு. மெக்சிகோ நகரிலோ புவெனஸ் ஐரிஸிலோ அதே ஆள் அதே இரவில் எளிய வடிவத்தையே எழுதுவார். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியாவிலும் அஸ்தூரியாஸிலும் கேனரித் தீவுகளிலும் எளிய வடிவத்தின் பக்கமே சாய்வு அதிகம். 'இன்று ஏழு மணிக்கு எழுந்தேன்' என்பதை எளிய வடிவில் எழுதிய மாணவருக்குப் பிழை போடுமுன், எந்த ஊர் ஸ்பானிஷை அவர் கற்கிறார் என்று ஆசிரியர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாட்குறிப்பு எதைக் காட்டாது

வேலைநாளின் நாட்குறிப்பு அடுத்தடுத்த செயல்களின் சங்கிலி. கதையை முன்நகர்த்தும் செயல்கள் முற்று வடிவிலும், அவற்றுக்குப் பின்புலமாகும் நிலைகள் தொடர் வடிவிலும் வருவது ஸ்பானிஷ் எடுத்துரைப்பின் பொதுவான போக்கு. இந்தப் பாடம் பின்புலத்தை அதிகம் கேட்பதில்லை. நம் பக்கத்தில் பின்புலம் இரண்டே இரண்டு: கோபமும் மழையும். இரண்டிலும் எழுதியவர் தவறினார் என்றால், அவருக்குத் தொடர் வடிவமே தெரியாது என்று முடிவுகட்டிவிட முடியாது. இரண்டு வரிகள் சான்றாகப் போதா.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவர் பிழையே இல்லாத பக்கத்தைக் கொடுக்கலாம். மேலாளரின் முகத்தையும் மழையையும் எழுதாமல் விட்டிருந்தால், நம் ஊழியரின் பிழைகள் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கும். கடினமானதைத் தவிர்ப்பவர் பிழைக் கணக்கில் தப்பிவிடுகிறார் என்பதை ஜாக்குலின் ஷாக்டர் 1974-இலேயே சுட்டிக்காட்டினார். ஸந்தியாகொ தெ கொம்பொஸ்தேல பல்கலைக்கழகம் செர்வாந்தெஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய கற்பவர் எழுத்துத் தொகுப்பு 2014-இல் வெளியானது. அரபு, சீனம், பிரெஞ்சு, ஆங்கிலம், போர்த்துகீசியம், ரஷ்யன் பேசுவோரின் எழுத்துகள் அதில் இருக்கின்றன. அத்தகைய தொகுப்பில் தேடும்போதும், என்ன கேட்டு எழுத வைத்தார்கள் என்று பார்க்காமல் பிழைகளை மட்டும் எண்ணுவது பயனற்றது.

ஆகவே இந்தப் பக்கத்தைத் திருத்துபவர் ஐந்து பிழைகளையும் மூன்று கூறாகப் பிரிப்பது நல்லது. 'பொனீ'யும் 'அகுவெஸ்தே'யும் வடிவம் பற்றியவை. சரியான வடிவத்தைக் காட்டி, காரணத்தை ஒரு வரியில் சொன்னால் போதும். 'த்ரபாஹொ'வை உரக்கப் படிக்க வைத்துச் சோதிக்க வேண்டும். 'எஸ்தூபொ', 'யொபியோ' இரண்டையும் சிவப்பு மையால் தொடாமல், எழுதியவரிடம் கேள்வியாகக் கேட்க வேண்டும்: 'நீங்கள் வெளியே வருமுன்பே மழை தொடங்கிவிட்டதா?' பதில் 'ஆம்' என்றால்தான் அது பிழை. பிறகு அதே நாளைப் பற்றி இரண்டாவது பக்கம் கேட்கலாம். அதில் செயல்கள் வேண்டாம். உள்ளே நுழைந்தபோது அலுவலகம் எப்படி இருந்தது, யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று மட்டும் எழுதட்டும். முதல் பக்கம் முற்று வடிவத்தைச் சோதிக்கும், இரண்டாவது தொடர் வடிவத்தைச் சோதிக்கும். ஸ்பானிஷ் இறந்தகாலத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று தீர்ப்புச் சொல்ல இரண்டும் வேண்டும்.